முதல் தொகைக்கு முன் ஒரு மின்னஞ்சல்

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளி, கோடை விடுமுறையில் தன் வகுப்பறைப் பெஞ்சுகள் நூறினைப் பழுதுபார்க்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டர்சன்பேட்டையில் தனியொருவர் நடத்தும் வெல்டிங் பட்டறை அப்பணியை ஏற்கிறது. பெஞ்சு ஒன்றுக்கு ₹800 வீதம் மொத்தக் கூலி ₹80,000. பட்டறைக்குப் பள்ளி இதுவரை பணம் வழங்கியதில்லை. எனவே பணி முடியும் தறுவாயில் பள்ளி அலுவலகம் இவ்வாறு ஒரு மின்னஞ்சல் விடுக்கிறது:

"தங்கள் விவரங்கள் எங்கள் பதிவில் இல்லை. வங்கி விவரம், பான், ஜி.எஸ்.டி., ஆதார் முதலிய ஆவணங்களை உடனே அனுப்பவும். தவறினால் பணம் வழங்கப்படாது. – கணக்குப் பிரிவு."

நம்மில் பலர் எழுதும் கடிதம்தான் இது. இதில் உள்ள குறைகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவோம்.

முதற்குறை, இக்கடிதம் மோசடிக்காரர் எழுதும் கடிதத்தைப் போலவே இருப்பது. எழுதியவர் பெயர் இல்லை. எந்தப் பணிக்கான தொகை என்ற குறிப்பு இல்லை. அவசரமும் அச்சுறுத்தலும் மட்டும் உண்டு. எச்சரிக்கையுள்ள பட்டறைக்காரர் இதற்கு விடையளிக்கத் தயங்குவார். பணி ஆணை எண், தேதி, தொகை, எழுதுபவரின் பெயர், பொறுப்பு ஆகியவை முதற்பத்தியிலேயே அமைந்தால் ஐயம் நீங்கும். பட்டறைக்காரர் ஏற்கெனவே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்றும் நாமே எழுதிவிடுதல் நல்லது. தேவையற்ற ஆவணத்தைக் கேட்பதும் ஐயத்தை வளர்க்கும். வரிப் பிடித்தத்துக்குப் பட்டறைக்காரரின் பான் எண்ணே போதும்; ஆதார் நகலைக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது குறை, 'வங்கி விவரம்' என்னும் பொதுச்சொல். பட்டறையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயர் இருக்கும். உரிமையாளரின் சேமிப்புக் கணக்கு அவருடைய சொந்தப் பெயரில் இருக்கும். பில்லில் மூன்றாவதாக ஒரு பெயர் இருத்தலும் உண்டு. எந்தப் பெயரில் கணக்கு உள்ளது என்று கேளாவிட்டால் இந்த வேறுபாடு பணம் அனுப்பும் நாளில்தான் தெரியவரும். அன்றியும், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு பணத்தை வரவு வைக்கலாம். ஓர் இலக்கம் பிழைபட்டு அந்த எண் வேறொருவருடையதாக இருந்துவிட்டால் பணம் அவரிடம் போய்ச் சேரும். திரும்பப் பெறுவது எளிதன்று.

இங்கே வங்கி இணைப்புகளையும் நினைவிற்கொள்ள வேண்டும். கர்நாடகத்தில் பலருக்குக் கணக்கிருந்த சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியுடன் இணைந்தது. SYNB என்று தொடங்கிய அதன் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவையாயின. பெட்டியில் கிடக்கும் பழைய காசோலைத் தாளைப் பார்த்து ஒருவர் அக்குறியீட்டை இன்றும் எழுதி அனுப்பக்கூடும். ஆகவே 'தற்போது பயன்படுத்தும் காசோலை' என்று தெளிவாகக் கேட்பது நலம். அதன் குறுக்கே இரண்டு கோடிட்டு 'கேன்சல்டு' என்று எழுதினால் போதும், கையொப்பம் இடலாகாது.

மூன்றாவது குறை, பான் எண் எதற்கு என்று சொல்லாமை. ஒப்பந்தப் பணிக்கு ஒரே தடவையில் ₹30,000-க்கு மேல் வழங்கும்போது, பள்ளியை நடத்தும் அறக்கட்டளை வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். பெறுபவர் தனிநபராயின் விகிதம் 1 விழுக்காடு. நம் பட்டறைக்காரருக்கு அது ₹800. பான் எண் தராவிட்டால் விகிதம் 20 விழுக்காடாகி ₹16,000 பிடித்தமாகும். ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்த பான் எண்ணுக்கும் இதே நிலைதான். இந்த வேறுபாட்டைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டால், அவர் தாமே விரைந்து அனுப்புவார். 'தவறினால்' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

இனித் திருத்திய கடிதம்:

"பொருள்: பெஞ்சு பழுதுபார்ப்புப் பணி ஆணை எண் 14 – தொகை வழங்கத் தேவையான மூன்று விவரங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மே 5 அன்று தங்களுக்கு அளித்த பணி ஆணைக்குரிய ₹80,000 தொகையைத் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த விரும்புகிறோம். கீழ்க்கண்டவற்றை மே 25-க்குள் அனுப்பியுதவ வேண்டுகிறோம்.

1. தற்போது பயன்படுத்தும் காசோலை ஒன்றின் குறுக்கே 'கேன்சல்டு' என்று எழுதி, கையொப்பமிடாமல் எடுத்த படம். கணக்கு எவர் பெயரில் உள்ளது என்பதையும் எழுதுக.
2. பான் அட்டையின் நகல். பான் இருப்பின் ₹800 மட்டும் வரியாகப் பிடித்தம் செய்வோம். இல்லையெனில் ₹16,000 பிடிக்க நேரும். பிடித்ததற்குச் சான்றிதழ் தருவோம்.
3. ஜி.எஸ்.டி. பதிவு இருப்பின் அதன் சான்றிதழ். இல்லையெனில் 'பதிவு இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் எண், கடவுச்சொல் ஆகியவற்றை நாங்கள் ஒருபோதும் கேளோம். ஐயமிருப்பின் பணி ஆணையில் அச்சிட்டுள்ள பள்ளித் தொலைபேசி எண்ணில் என்னை அழைக்கலாம். விவரங்கள் சரிபார்க்கப்பட்டு, பணி முடிந்த ஏழு நாளில் தொகை வந்து சேரும்.

(பெயர்), கணக்கர்."

விடை வந்ததும் பணம் அனுப்பிவிடலாகாது. ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பான் எண்ணின் நான்காம் எழுத்து P எனில் அது தனிநபருடையது. C எனில் நிறுவனம், F எனில் கூட்டு வணிகம். இவ்விரண்டுக்கும் பிடித்தம் 2 விழுக்காடு. ஜி.எஸ்.டி. எண்ணின் பதினைந்து இடங்களில் முதலிரண்டும் மாநிலக் குறியீடு, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து இடங்கள் பான் எண்ணேயாகும். அது அட்டையிலுள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால் காரணம் கேட்க வேண்டும். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் பதினோரு இடங்களில் ஐந்தாவது எப்போதும் சுழியம். அவ்விடத்தில் ஆங்கில 'ஓ' எழுதப்பட்டிருப்பது அடிக்கடி காணும் பிழை.

அதன்பின் கணக்கு எண்ணுக்கு உரியவர் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியே அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் அளிக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. இணைய வங்கிச் சேவையிலும் கைபேசிச் செயலியிலும் இதனைப் பயன்படுத்தலாம். திரையில் தோன்றும் பெயர் காசோலையிலுள்ள பெயரோடு ஒத்திருந்தால் முன்செல்லலாம்.

எல்லாம் முடிந்தபின்னும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. சில நாள் கழித்து, "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணுக்கு அனுப்புக" என்று பட்டறையின் முகவரியிலிருந்தே மின்னஞ்சல் வரலாம். அம்முகவரியைப் பிறர் கைப்பற்றியிருக்கக்கூடும். அக்கணக்கும் அதே பெயரில் உள்ளதா என்று பார்ப்பதோடு நில்லாமல், பணி ஆணை கொடுத்தபோது குறித்துக்கொண்ட எண்ணில் உரிமையாளரை அழைத்து, அவர் வாய்மொழியாக உறுதி செய்த பின்னரே மாற்ற வேண்டும். வந்த மின்னஞ்சலிலுள்ள எண்ணை அழைப்பதால் பயனில்லை. அதில் மோசடிக்காரரே பேசுவார். தவறிப் பணம் போய்விட்டால் அந்தக் கணமே 1930 என்ற எண்ணில் புகார் செய்து, தம் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். அப்பணம் மறுகணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு.