பட்டா மனு நிலுவையா? தாசில்தாரைப் பார்க்கப் போகும் முன்

நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்தாயிற்று. பட்டா மட்டும் மாதக் கணக்கில் மாறவில்லை. “நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்க” என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் நேரில் பார்ப்பதைப் பற்றி நம்மிடம் உள்ள சில நம்பிக்கைகளே பல நேரம் அந்தப் பயணத்தை வீணாக்குகின்றன. ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். 40 சென்ட் உள்ள புல எண் 142/3-இல் ஒருவர் 12 சென்ட் வாங்கியிருக்கிறார். விற்றவருக்கு அது அப்பா வழிச் சொத்து. பட்டா இன்னும் காலமான அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: தாசில்தாரைப் பார்த்துவிட்டால் கையெழுத்து விழுந்துவிடும்.

உண்மை: கோப்பு அவரிடம் வந்திருந்தால்தான் விழும். முழுப் புல எண்ணும் அப்படியே கைமாறினால் அது உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையை வைத்து மண்டலத் துணை வட்டாட்சியர் முடித்துவிடுவார். நம் உதாரணத்தில் 40 சென்டில் 12 சென்டைப் பிரிக்க வேண்டும். எனவே நில அளவர் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, அளந்து, வரைபடம் போட வேண்டும். அது சரிபார்க்கப்பட்ட பிறகே தாசில்தாரின் ஒப்புதலுக்கு வரும். வரைபடமே வராத கோப்பில் அவர் எதில் கையெழுத்துப் போடுவார்?

அதனால் கிளம்பும் முன் eservices.tn.gov.in தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, மனு யாரிடம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நில அளவரிடம் நின்றால், “எப்போது அளக்க வருகிறார்கள்?” என்பதே தாசில்தாரிடம் கேட்க வேண்டிய கேள்வி. “பட்டா எப்போது கிடைக்கும்?” என்று கேட்டால் “பார்க்கிறோம்” என்ற பதிலோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: பட்டா வரவில்லை என்றால் மனு நிலுவையில் இருக்கிறது.

உண்மை: தள்ளுபடி ஆகியிருக்கலாம். விற்றவரின் பெயர் பட்டாவில் இல்லை, தொடர்பு ஆவணங்கள் இணைக்கப்படவில்லை என்பது அடிக்கடி எழுதப்படும் காரணம். நம் உதாரணத்தில் அப்படி நடக்கவே வாய்ப்பு அதிகம். பட்டாவில் அப்பா பெயர், பத்திரத்தில் மகன் பெயர். இரண்டையும் இணைக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கோப்பில் இல்லை. வாரிசுச் சான்றில் மகனோடு சகோதரிகளின் பெயர்களும் இருந்தால், அவர்களும் பத்திரத்தில் கையெழுத்திட்டார்களா, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ உண்டா என்ற கேள்வியும் வரும்.

தள்ளுபடியான மனுவுக்காகச் சந்திப்பு கேட்பதில் பயனில்லை. காரணத்தைப் படித்து, குறைந்த தாளைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் தாசில்தார் மறுத்து ஆணையிட்டிருந்தால், தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டம் 1983-இன்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நம்பிக்கை: விண்ணப்ப எண் ஒன்று இருந்தால் போதும்.

உண்மை: ஒரே வேலைக்கு நான்கு இடங்களில் நான்கு எண்கள் இருக்கின்றன. கணினியில் விண்ணப்ப எண். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண்ணும் ஆண்டும். நிலப் பதிவேட்டில் கிராமம், புல எண், பட்டா எண். இதற்கிடையில் நீங்கள் தாளில் மனு கொடுத்திருந்தால் அதற்கு அலுவலகம் போட்ட ந.க.எண். எந்தப் பிரிவு எழுத்தர் அந்தக் கோப்பை வைத்திருக்கிறார் என்பது பெரும்பாலும் அந்த எண்ணின் வாலில் உள்ள எழுத்திலேயே தெரியும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்திருந்தால் அதற்கும் தனி எண் உண்டு. அந்த மனுவும் கடைசியில் அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் அனுப்பப்படும். எண்களைச் சேர்த்துக் காட்டாவிட்டால், ஒரே ஆளின் ஒரே பிரச்சினை இரண்டு மேஜைகளில் இரண்டு தனிக் கோப்புகளாகக் கிடக்கும்.

நம்பிக்கை: நடந்ததை எல்லாம் விரிவாக எழுதினால்தான் அதிகாரிக்குப் புரியும்.

உண்மை: சந்திப்பு கேட்கும் கடிதத்துக்கு ஒரே வேலைதான். நீங்கள் உள்ளே போகும்போது கோப்பு அவர் மேஜையில் இருக்க வேண்டும். கடிதத்தைப் பார்த்துக் கோப்பைத் தேடி எடுப்பவர் பிரிவு எழுத்தர். எனவே அவர் தேடும் வரிசையில் எழுதுங்கள். நம் உதாரணத்தில் மனு தள்ளுபடி ஆகாமல் நில அளவரிடம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் இப்படி:

*பொருள்: பட்டா மாறுதல் (உட்பிரிவுடன்) – கிராமம் – புல எண் 142/3, 12 சென்ட் – நில அளவர் நிலையில் நிலுவை – நேரில் சந்திக்க நேரம் வேண்டுதல்.*

*பார்வை: 1. இணையவழி விண்ணப்ப எண், நாள். 2. கிரைய ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம். 3. எனது மனு, நாள். தங்கள் அலுவலக ந.க.எண்.*

*பார்வை 1-இல் கண்ட விண்ணப்பம் நில அளவர் நிலையில் உள்ளதாக இணையத்தில் தெரிகிறது. அளவைக்கான நாள் குறித்தும், கூடுதல் ஆவணம் தேவையா என்பது குறித்தும் தங்களை நேரில் சந்தித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.*

*இணைப்பு (நகல்கள்): 1. விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு. 2. கிரையப் பத்திரம். 3. மூலப் பத்திரம். 4. வில்லங்கச் சான்று. 5. தற்போதைய பட்டா. 6. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.*

அடியில் பெயர், முகவரி, கைப்பேசி எண். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். யார் எத்தனை முறை அலையவிட்டார்கள் என்ற கதை இதில் வேண்டாம். அது புகார் மனுவுக்கு உரியது. இணைப்பில் எழுதிய வரிசையிலேயே நகல்களுக்கும் எண் போட்டுக் கோத்துவிடுங்கள். அசல்களைக் கையில் கொண்டுபோய்க் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

நம்பிக்கை: கடிதத்தைத் தெரிந்த ஊழியரின் கையில் கொடுத்தால் சீக்கிரம் போகும்.

உண்மை: பதிவாகாத தாள் அலுவலகத்துக்கு வராத தாள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் நாள் போட்ட முத்திரை வாங்குங்கள். பொதுமக்களின் மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு, மறுத்தால் காரணம் என்று 2015-இல் வெளியான பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99 சொல்கிறது. அந்த ஒரு மாதத்தைக் கணக்கிட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்த முத்திரைதான்.

நம்பிக்கை: தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் பட்டா வந்துவிடும்.

உண்மை: தகவல்தான் வரும். “என் பட்டாவை ஏன் தரவில்லை?” என்று கேட்டால் அது கேள்வி, தகவல் அலுவலர் கோப்பில் இருப்பதைத்தான் தர முடியும். “இந்த விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எந்தெந்த நாளில் வந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். சந்திப்புக் கடிதத்துக்குப் பதிலே வராதபோது இந்த வழி உதவும்.

நம்பிக்கை: அதிகாரி வாயால் சொல்லிவிட்டார், இனி நடந்துவிடும்.

உண்மை: அளக்கும் நாள் வருவதற்குள் அவருக்கு இடமாறுதல் வரலாம், எழுத்தர் மாறலாம். பார்த்துவிட்டு வந்த அன்றோ மறுநாளோ அதே பொருள், அதே பார்வை எண்களுடன் இன்னொரு கடிதம் கொடுங்கள். “நேரில் சந்தித்தபோது கூடுதல் ஆவணம் கேட்டீர்கள், இத்துடன் இணைத்துள்ளேன். அளவைக்கு நாள் குறித்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்ற அளவு போதும். அதற்கும் முத்திரை வாங்குங்கள். அடுத்து வரும் அதிகாரியிடம் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.