அரசு வேலை அறிவிக்கையை வாசிப்பது எப்படி? – முதல்முறை விண்ணப்பிப்போருக்கு



அரசு வேலை அறிவிக்கை வந்ததும் நம் வீடுகளில் முதலில் பார்ப்பது, எத்தனை இடங்கள், என்ன சம்பளம், தேர்வு எப்போது என்பதைத்தான். அடுத்து வயது வரம்பில் ஒரு எண் கண்ணில் படுகிறது. "32ஆம், நமக்கு 36 ஆகிவிட்டதே" என்று அறிவிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி மடித்து வைத்தவர்களில் பலர் உண்மையில் தகுதி உள்ளவர்கள். தேர்வில் தேறிய பிறகு, சான்றிதழில் உள்ள ஒரே ஒரு சொல்லால் இடத்தை இழப்பவர்களும் உண்டு. இவ்விரண்டும் எப்படி நேர்கின்றன என்பதை, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிக்கையை முன்வைத்து இந்த இதழில் பார்ப்போம்.

ஒரே அறிவிக்கையில் மூன்று தேதிகள்

2025ஆம் ஆண்டு குரூப் 4 அறிவிக்கை ஏப்ரல் 25 அன்று வெளியானது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24. வயதைக் கணக்கிடும் நாள் ஜூலை 1. இந்த மூன்றும் மூன்று வேறு காரியங்களுக்கானவை.

கல்வித் தகுதி, அறிவிக்கை வெளியான நாளில் கையில் இருக்க வேண்டும். ஏப்ரல் 25க்குப் பிறகு தேர்ச்சி முடிவு வந்த படிப்பை அந்த அறிவிக்கைக்குக் காட்ட முடியாது. விண்ணப்பமும் கட்டணமும் மே 24க்குள் முடிய வேண்டும். வயதை மட்டும் ஜூலை 1 அன்று எத்தனை வயது நிறைவடைந்தது என்று பார்ப்பார்கள். ஆகவே அறிவிக்கையைக் கையில் எடுத்ததும் ஒரு தாளில் இந்த மூன்று தேதிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயது வரம்பு ஓர் எண் அல்ல, ஓர் அட்டவணை

குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்குக் குறைந்தபட்சக் கல்வி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. குறைந்தபட்ச வயது 18. அதிகபட்ச வயது, பொதுப் பிரிவினருக்கு 32. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் உள்ளிட்ட பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 34. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37.

பெரும்பாலோர் இந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்பு. ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சப் பொதுக் கல்வியைவிடக் கூடுதலாகத் தேறியிருந்தால் அவருக்கு அதிகபட்ச வயது வரம்பு இல்லை. அதாவது 60 வயது முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு கேட்கும் பதவிக்கு பிளஸ் டூ தேர்ச்சியே கூடுதல் கல்விதான்.

கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு மட்டும் தனிக் கணக்கு. தொடக்கமே 21 வயது. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உச்ச வரம்பு 42. அதனால் ஒரே தேர்வாக இருந்தாலும், ஒவ்வொரு பதவிக்கும் உரிய வரிசையைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சகோதரி 10.03.1989 அன்று பிறந்தவர், பிளஸ் டூ தேறியவர், திருமணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தந்தை வீடு ராவுத்தர் குடும்பம். 01.07.2025 அன்று அவருக்கு 36 வயது நிறைவடைந்திருக்கும்.

அவரைப் பொதுப் பிரிவாக எடுத்தால் 32 தாண்டிவிட்டது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று எடுத்து, பத்தாம் வகுப்பு மட்டும் தேறியவராக இருந்தால் 34 தாண்டிவிட்டது. ஆனால் பி.சி.எம். பிரிவும் பிளஸ் டூ தேர்ச்சியும் சேர்ந்து இருப்பதால், இளநிலை உதவியாளர் பதவிக்கு அவருக்கு வயது ஒரு தடையே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கும் 42க்குள் இருப்பதால் விண்ணப்பிக்கலாம்.

இத்தனைக்கும் அடிப்படை ஒரே ஒரு தாள், சாதிச் சான்றிதழ். அது சரியாக இல்லாவிட்டால் அவர் பொதுப் பிரிவில் வைக்கப்படுவார். அந்த நொடியே 32 வயது வரம்பு அவர் மீது வந்து விழும். ஒதுக்கீடும் போகும், வயதுச் சலுகையும் போகும்.

"முஸ்லிம்" என்ற சொல் மட்டும் போதாது

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு 2007ஆம் ஆண்டில் வந்தது. அது ஏழு பிரிவினருக்கு உரியது: அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லப்பை (இதில் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம், தமிழ் பேசினாலும் உருது பேசினாலும்), மாப்பிள்ளா, ஷேக், சையது. சான்றிதழில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்க வேண்டும். "இஸ்லாம்" என்பது மதத்தின் பெயர். சிலர் விண்ணப்பத்தில் "ஹனஃபி", "ஷாஃபிஈ" என்று எழுதிவிடுகிறார்கள். அவை மத்ஹபின் பெயர்கள். வருவாய்த் துறையின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. பெயருக்கு முன்னால் "ஷேக்" என்றோ "சையது" என்றோ வைத்திருப்பதும் ஆதாரம் ஆகாது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், தந்தையின் அல்லது உடன்பிறந்தவரின் சாதிச் சான்றிதழ் இவற்றில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். இந்த ஏழில் வராத பிரிவைச் சேர்ந்தவர்கள் பொதுப் பிரிவாகவே விண்ணப்பிக்க வேண்டும். இல்லாத பிரிவைக் கோரினால் பின்னால் தேர்வே ரத்தாகும்.

திருமணமான பெண்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. மேலே சொன்ன சகோதரியிடம் ஆதார் அட்டை கணவர் பெயரோடு இருக்கும். இ-சேவை மையத்தில் அதைப் பார்த்தே விவரங்களை நிரப்பிவிடுவார்கள். மையத்திலேயே தந்தை பெயரைச் சொல்லி, திரையில் ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். அந்த விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் துணை வட்டாட்சியரிடம் போய்ச் சான்றிதழாக வரும். கடைசி வாரத்தில் கொடுத்துவிட்டு அவசரப்படுத்த முடியாது. விண்ணப்பத்தில் சான்றிதழின் எண்ணும் தேதியும் கேட்கப்படும் என்பதால், அறிவிக்கை வருவதற்கு முன்பே வாங்கி வைப்பதுதான் முறை.

பெயர் எழுத்தையும் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "முகமது", ஆதாரில் "முஹம்மது", ஒன்றில் "பேகம்" உண்டு, மற்றொன்றில் இல்லை என்ற நிலை நம் வீடுகளில் சாதாரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

காலியிட அட்டவணையில் "பி.சி.எம்." இல்லாவிட்டால்

சிறிய அறிவிக்கைகளில், ஐந்தாறு இடங்கள் மட்டும் இருக்கும்போது, பி.சி.எம். பகுதியில் ஒன்றும் இருக்காது. மாநில அரசு 200 இடங்களை ஒரு சுற்றாக வைத்து முறை வகுக்கிறது. 3.5 சதவீதம் என்றால் அந்த 200இல் 7 முறைகள் நமக்கு. அந்த அறிவிக்கைக்குள் நம் முறை வரவில்லை என்பதே அதன் பொருள். பொதுச் சுற்றில் எல்லாப் பிரிவினரும் மதிப்பெண் அடிப்படையில் போட்டியிடலாம், நாமும்தான்.

பெண்களுக்கான 30 சதவீதமும், தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீதமும் ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் கணக்கிடப்படும். அதனால் பி.சி.எம். பெண், பி.சி.எம். தமிழ் வழி என்று அட்டவணையில் உட்பிரிவுகள் தெரியும். குரூப் 4 போன்று பத்தாம் வகுப்புத் தகுதிக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்றால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் அறிவிக்கையில் உள்ள அதே படிவத்தில் வாங்க வேண்டும். பள்ளி தன் தாளில் எழுதித் தரும் பொதுவான கடிதம் ஏற்கப்படாது.

ஆதரவற்ற விதவை என்ற பிரிவுக்கும் தனிப் படிவம் உண்டு. அதைக் கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரி தர வேண்டும். தலாக் ஆனவரும் கணவர் விட்டுச் சென்றவரும் இதில் வரமாட்டார்கள். அவர்கள் இந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டாம்.

மத்திய அரசு அறிவிக்கை வந்தால்

ரயில்வே, அஞ்சல் துறை, எஸ்.எஸ்.சி. அறிவிக்கைகளில் "பி.சி.எம்." என்ற பிரிவே கிடையாது. அங்கே ஓ.பி.சி., 27 சதவீதம். வயதில் 3 ஆண்டு தளர்வு. உதாரணமாக எஸ்.எஸ்.சி.யின் பிளஸ் டூ நிலைத் தேர்வில் உச்ச வரம்பு 27, ஓ.பி.சி.க்கு 30. மேலே நாம் சொன்ன 36 வயதுச் சகோதரிக்கு இங்கே வாய்ப்பில்லை. மாநில அறிவிக்கையில் கிடைத்த சலுகையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

மாநிலச் சாதிச் சான்றிதழையும் இங்கே காட்ட முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்ல என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். மத்தியப் பட்டியலும் மாநிலப் பட்டியலும் வேறு வேறு என்பதால், உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதில் பெற்றோரின் மாதச் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது; பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். திருமணமான பெண்ணுக்கும் பெற்றோர் நிலைதான் கணக்கு, கணவரின் வருமானம் அல்ல. சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும். அந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பீரோவில் இருக்கும் சாதிச் சான்றிதழை எடுத்து மூன்றைப் பாருங்கள்: பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று இருக்கிறதா, உட்பிரிவின் பெயர் இருக்கிறதா, தந்தை பெயரில் இருக்கிறதா? ஒன்று குறைந்தாலும் அடுத்த அறிவிக்கைக்குக் காத்திராமல் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த அறிவிக்கை வரும்போது அது தயாராக இருக்கும்.