பந்தியில் அமர்ந்த அழையா விருந்தாளி

கடந்த தவணைப் பரீட்சையில் ‘இலவசக் கல்வியும் இலங்கைப் பெண்களும்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதினேன். மூன்று பக்கம் நிரப்பியிருந்தும் 20க்கு 9 புள்ளிகளே கிடைத்தன. இரண்டாம் பந்தியின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: “அதனால்?”

அந்தப் பந்தி இதுதான்:

“இலவசக் கல்வி நம் நாட்டுப் பெண்களின் நிலையை உயர்த்தியது. சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரானார். 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் நடத்தினார். பல நாட்டுத் தலைவர்கள் அதில் கலந்துகொண்டனர். இலங்கையின் புகழ் எங்கும் பரவியது.”

பெயர், ஆண்டு எல்லாம் சரியாக இருக்கின்றனவே, பிழை எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “சிறிமாவோ அம்மா பணக்கார வீட்டுப் பிள்ளை. அவ படிக்கிறதுக்கு இலவசக் கல்வி எதுக்கு மகள்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிறிமாவோ 1916இல் பிறந்தவர். வசதியான குடும்பத்திலிருந்து வந்து கொழும்பில் ஒரு கன்னியர் மடப் பாடசாலையில் கற்றவர். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு 29 வயது. அவர் பிரதமரானது உண்மை. ஆனால் இலவசக் கல்வியால்தான் அவர் உயர்ந்தார் என்பதற்கு அது சான்றாகாது. உதாரணம் குறிப்பானதாக இருந்தால் மட்டும் போதாது. நாம் சொன்ன கருத்தோடு அதற்குத் தொடர்பும் இருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் இருந்தது. பிரதமர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மாநாட்டுக்குப் போனேன். மாநாட்டிலிருந்து நாட்டின் புகழுக்குப் போனேன். ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முந்திய வாக்கியத்தோடு ஒட்டியிருந்தது. முதல் வாக்கியத்தோடு எதுவும் ஒட்டவில்லை. பந்தி திசைமாறுவது இப்படித்தான். எழுதும்போது நமக்கே தெரிவதில்லை.

திருத்தி எழுதத் தொடங்கியபோது முதலில் கருத்தைச் சுருக்கினேன். ‘பெண்களின் நிலை’ என்பது மிகப் பரந்தது. அதற்கு எந்த உதாரணமும் பொருந்துவதுபோல் தோன்றும். ஆகவே ‘எழுத்தறிவில் ஆண் பெண் இடைவெளி’ என்று மாற்றினேன். கருத்து ஒடுங்கியதும், எந்த உதாரணத்தைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெளிவாயிற்று. குடிசன மதிப்பீட்டுத் தரவுகளைப் பார்த்தேன். புதிய பந்தி இப்படி அமைந்தது:

“இலவசக் கல்வி வந்த பின்னர் எழுத்தறிவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. அது தொடங்கிய மறுவருடமான 1946இல் ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேரும் பெண்களில் 44 பேருமே எழுத்தறிவு பெற்றிருந்தனர். 1981இல் இது ஆண்களில் 91, பெண்களில் 83 ஆயிற்று. 26ஆக இருந்த இடைவெளி 35 வருடங்களில் 8ஆகக் குறைந்தது. எனவே, இக்காலத்தில் கல்வி பரவியபோது அதனால் கூடுதலாக முன்னேறியவர்கள் பெண்களே எனலாம்.”

இதிலும் ஓர் எல்லை உண்டு. இந்த மாற்றத்துக்கு இலவசக் கல்வி மட்டுமே காரணம் என்று எண்கள் சொல்லவில்லை. அதே காலத்தில் புதிய பாடசாலைகளும் பெருகின. அதனால் “இலவசக் கல்வியால் மட்டுமே” என்று எழுதாமல் “இலவசக் கல்வி வந்த பின்னர்” என்று எழுதினேன். உதாரணம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றக் கூடாது.

இப்போது ஒவ்வொரு பந்தியையும் எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்கிறேன். முதல் வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு, உதாரணத்தை மட்டும் பக்கத்திலிருக்கும் தோழிக்கு வாசித்துக் காட்டுவேன். நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவள் ஊகித்துவிட்டால் உதாரணம் சரியானது. பழைய பந்தியை இப்படி வாசித்தபோது, “சிறிமாவோவின் வெளிநாட்டுக் கொள்கை பற்றியதா?” என்று கேட்டாள். புதியதை வாசித்ததும், “பெண்கள் ஆண்களை நெருங்கிவிட்டார்கள் என்கிறாய்” என்றாள்.

பரீட்சை மண்டபத்தில் தோழியிடம் கேட்க முடியாது. அங்கே உதாரணத்தை எழுதியவுடன் ஆசிரியையின் அந்த ஒரு சொல்லை நானே கேட்டுக்கொள்கிறேன்: “அதனால்?” முதல் வாக்கியத்திலுள்ள சொற்களைக் கொண்டே அதற்குப் பதில் எழுத முடிந்தால் அந்த உதாரணம் பந்தியில் இருக்கலாம். முடியாவிட்டால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வெட்டிவிடுகிறேன்.