பழைய மூட்டைக்குப் புதிய வரியா?

2024 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது. சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் அன்று அடுக்கில் இருந்த பொன்னி அரிசி மூட்டைகள் முந்தைய ஆண்டில் வாங்கப்பட்டவை. அவற்றுக்குக் கடைக்காரர் கட்டிய வரி 8 விழுக்காடு. ‘பழைய சரக்குக்கு எதற்குப் புதிய வரி?’ என்று வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு அடியில் பல நம்பிக்கைகள் படிந்திருக்கின்றன. கடைக்காரர்களிலும் பலர் அவற்றை நம்புகிறார்கள்.

நம்பிக்கை: பழைய வரியில் வாங்கிய சரக்கைப் பழைய வரியில்தான் விற்க வேண்டும்.

இல்லை. பொருள், சேவை வரி மூட்டையோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு விற்பனையின் மீதும் புதிதாக விழுகிறது. கல்லாவில் பணம் வாங்கும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறதோ, அதுதான் விகிதம். சரக்கு எப்போது வந்தது என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையம் கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. விகிதங்களும் விதிகளும் உண்மையானவை. வரிக்குப் பதிவு செய்த ஒரு கடை, 2023 டிசம்பரில் ஒரு மூட்டை பொன்னியை 10 வெள்ளிக்கு வாங்குகிறது. மொத்த வியாபாரி 80 காசு வரி சேர்த்து 10 வெள்ளி 80 காசுக்கு விலைப்பட்டியல் தருகிறார். அந்த 80 காசைக் கடை தன் காலாண்டு வரிக்கணக்கில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. எனவே மூட்டையின் அடக்கவிலை 10 வெள்ளிதான். அதை 12 வெள்ளிக்கு விற்கத் தீர்மானித்து, 8 விழுக்காடு சேர்த்து, அடுக்கில் 12.96 என்று விலைச்சீட்டு ஒட்டுகிறது.

ஆண்டு பிறந்ததும் அதே மூட்டையின் விலை 12 வெள்ளியும் 9 விழுக்காடும் சேர்ந்து 13.08 ஆகிறது. வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் 12 காசும் அரசுக்குப் போகிறது. கடைக்காரருக்கு முன்பு கிடைத்த அதே 2 வெள்ளிதான் மிஞ்சுகிறது. கொள்முதலின்போது கட்டிய 80 காசு முன்பே கணக்கில் கழிந்துவிட்டது. அதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

விலைச்சீட்டை மாற்றாமல் 12.96க்கே விற்றால்? அப்போதும் 9 விழுக்காடு கட்டியாக வேண்டும். வரி உள்ளடங்கிய விலையை 109 பங்காக்கி அதில் 9 பங்கை எடுத்தால் 1 வெள்ளி 7 காசு. கடைக்கு நிற்பது 11.89, லாபம் 1.89 ஆகச் சுருங்குகிறது. ‘வரி உயர்வை நாங்களே ஏற்கிறோம்’ என்று ஒரு கடை அறிவிப்பதன் பொருள் இதுதான். வரி குறைவதில்லை, கடையின் பங்கு குறைகிறது. 2023 ஜனவரியில் வரி 7லிருந்து 8 ஆனபோது ஃபேர்பிரைஸ் 500 அத்தியாவசியப் பொருள்களுக்கு ஆறு மாதம் அந்த ஒரு விழுக்காட்டை ஏற்றுக்கொண்டதும் இப்படித்தான்.

பழைய சரக்குக்குப் பழைய வரி என்ற எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. அப்படி நடக்கும் வரிகளும் உண்டு. 2023 பிப்ரவரி 14 அன்று வரவுசெலவுத் திட்ட உரையில் புகையிலைத் தீர்வை 15 விழுக்காடு உயர்த்தப்பட்டு, அன்றே நடப்புக்கு வந்தது. ஆனால் அந்தத் தீர்வை, சரக்கு தீர்வைக் கட்டுப்பாட்டிலுள்ள கிடங்கைவிட்டு வெளியேறும்போது ஒரே முறை கட்டப்படுவது. ஏற்கெனவே தீர்வை கட்டிக் கடைக்கு வந்துவிட்ட பெட்டிகளுக்கு மறுபடி கட்ட வேண்டியதில்லை. தீர்வை சரக்கின் அடக்கவிலைக்குள் போய்விடுகிறது. வரிக்குப் பதிவு செய்த கடைக்குப் பொருள், சேவை வரி அதற்குள் போவதில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். இந்தியாவில் பொட்டலத்தின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். 2017 ஜூலை 1 அன்று அங்கே ஜிஎஸ்டி வந்தபோது, விற்காமல் இருந்த சரக்கின் மேல் புதிய விலையை ஒட்டிக்கொள்ள அரசு முதலில் மூன்று மாதமும் பிறகு ஆண்டிறுதி வரையிலும் அனுமதி தர வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் அப்படி அச்சிட்ட உச்சவிலை கிடையாது. இந்தியாவிலிருந்து வரும் பொட்டலத்தில் ரூபாயில் ஒரு விலை தெரிந்தாலும் இங்கே அது யாரையும் கட்டுப்படுத்தாது. இங்குள்ள விதி வேறு: பதிவு செய்த கடை, வரி உள்ளடங்கிய விலையைத்தான் வாடிக்கையாளர் பார்வைக்கு வைக்க வேண்டும். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான சீட்டுகளை மாற்ற முடியாதவர்கள் டிசம்பர் 31 வரை ஒரு விலை, ஜனவரி 1 முதல் ஒரு விலை என இரண்டையும் காட்டிக்கொள்ளலாம் என்று ஆணையம் இடம் கொடுத்தது.

பழைய விகிதம் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. பொங்கலுக்கு வேண்டிய அரிசியையும் வெல்லத்தையும் டிசம்பரிலேயே சொல்லிவைத்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஜனவரி நடுவில் எடுத்துச் செல்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 8 விழுக்காடுதான். பணம் வந்த நாளே அங்கே கணக்கு. அவரிடம் மீதி ஒரு விழுக்காட்டைக் கேட்பது தவறு. அதேபோல் டிசம்பரில் வாங்கிய பொருளை ஜனவரியில் திருப்பித் தந்து பணம் கேட்டால், வாங்கியபோது இருந்த 8 விழுக்காட்டின்படியே வரியைத் திருப்பித் தர வேண்டும். ரசீதில் தேதியும் வரித்தொகையும் இருப்பது இதற்காகவும்தான்.

நம்பிக்கை: ஒரு விழுக்காடு உயர்ந்தால் விலைச்சீட்டில் ஒரு விழுக்காடு கூட்டினால் போதும்.

12.96க்கு ஒரு விழுக்காடு கூட்டினால் 13.09 வரும், சரியான விலை 13.08. ஒரு காசுதானே என்று தோன்றும். 108 வெள்ளிச் சீட்டில் அது எட்டுக் காசு, கடை முழுவதும் என்றால் சிறு தொகையல்ல. தவறு எங்கே என்றால், பழைய வரியின் மேலேயே புதிய வரி ஏறிவிடுகிறது. வரிக்கு முந்தைய விலைக்குத் திரும்பிப் போய், அதிலிருந்து தொடங்க வேண்டும். கல்லா இயந்திரத்தில் பொருள்களை வரி நீங்கிய விலையில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு இது ஒரே மாற்றம். மாற்றம் சரியாக விழுந்ததா என்று அறிய, புத்தாண்டின் முதல் ரசீதை எடுத்து, அதிலுள்ள வரியை 109ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் மொத்தத் தொகை வர வேண்டும், சில காசு முன்பின்னாக. வராவிட்டால் ஏதோ ஒரு பொருள் பழைய விகிதத்திலேயே நிற்கிறது.

நம்பிக்கை: கொள்முதல் விலை ஏறினால் கையிருப்பின் மதிப்பையும் ஏற்றி எழுத வேண்டும்.

2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை போட்டது. இட்லிக்கும் சோற்றுக்கும் பொன்னிப் புழுங்கலை நம்பியிருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு இது நேரடி அடி. மறு கொள்முதல் விலை ஏறுகிறது. அடுக்கிலோ பழைய விலைச் சரக்கு.

நம் கடையில் 10 வெள்ளி அடக்கத்தில் 120 மூட்டை மீதம், புதிய விலை 11.80 என்று கொள்வோம். அந்த 120 மூட்டையின் மதிப்பு கணக்கில் 1,200 வெள்ளிதான். சிங்கப்பூர் கணக்கியல் தரங்களின்படி, அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை என்ற இரண்டில் எது குறைவோ அதுவே கையிருப்பின் மதிப்பு. மேலே ஏற்றி எழுத வழியில்லை. ஏற்றி எழுதினால், விற்காத அரிசிக்கு லாபம் காட்டியதாக ஆகும். 11.80க்கு மேலும் 200 மூட்டை வந்து சேர்ந்தால், பழையது முதலில் போனதாக வைக்கலாம். அல்லது சராசரி எடுக்கலாம். சராசரி 11 வெள்ளி 12½ காசு. கடைசியில் வந்தது முதலில் போனதாக வைக்கும் முறைக்கு இந்தத் தரங்களில் அனுமதி இல்லை.

விற்கும் விலை வேறு விஷயம். பழைய மூட்டையின் விலையை ஏற்றச் சட்டத்தில் தடை இல்லை. அதைக் கொள்ளை என்று சொல்லிவிடவும் முடியாது. 120 மூட்டையையும் 12 வெள்ளிக்கே விற்றால் 1,440 வரும். அதே 120ஐ மீண்டும் அடுக்க 1,416 வேண்டும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் மிஞ்சுவது 24 வெள்ளி! 14க்கு விற்றால் 264 மிஞ்சும். ஆனால் கணக்குப் புத்தகம் 480 வெள்ளி லாபம் என்று சொல்லும், ஏனென்றால் அடக்கவிலை 1,200தான். அதில் 216 அடுத்த சரக்கிலேயே முடங்கிவிடுகிறது. ஆனாலும் மற்றச் செலவுகளைக் கழித்து மிஞ்சும் லாபத்துக்கு வருமான வரி உண்டு. விலையேற்ற காலத்தில் ஏட்டில் லாபம் கொழித்தும் கையில் பணம் தங்காமல் கடைக்காரர்கள் திணறுவதன் காரணம் இங்கே இருக்கிறது.

நம்பிக்கை: விலை இறங்கினால் உடனே நட்டம் எழுதிவிட வேண்டும்.

2024 செப்டம்பர் இறுதியில் இந்தியா புழுங்கலரிசித் தீர்வையை 10 விழுக்காடாகக் குறைத்தது. அக்டோபர் 22 அன்று முழுதும் நீக்கியது. 11.80க்கு வாங்கியவர் அடுக்கைப் பார்க்கிறார்; புதிய கொள்முதல் விலை 10.20 என்று வைப்போம். மூட்டைக்கு 1.60 நட்டம் என்று எழுதக் கை போகும். எழுதக் கூடாது. கேட்க வேண்டியது, இந்த மூட்டை இப்போது என்ன விலைக்குப் போகும் என்பதுதான். போட்டியால் வரிக்கு முன் 12 வெள்ளிக்குத்தான் போகும், வீட்டுக்குக் கொண்டு சேர்க்க 30 காசு செலவு என்றால், நிகரமாகக் கிடைப்பது 11.70. நட்டம் 10 காசு மட்டும். மொத்த வியாபாரி மனமிரங்கிப் பழைய பட்டியலுக்கு வரவுச்சீட்டு தந்தால் அடக்கவிலையே குறையும்; அதோடு திரும்பப் பெற்ற வரியையும் அந்தப் பழைய பட்டியலின் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: எல்லாக் கடையும் வரியைக் கூட்டலாம்.

ஆண்டு வரிக்குரிய விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தேக்கா சுற்றுவட்டாரத்துச் சிறு கடைகளில் பதிவு செய்யாதவையும் இருக்கும். அந்தக் கடைகளுக்குக் கொள்முதலில் கட்டிய வரி திரும்பி வராது. ஆகவே அவற்றுக்கு டிசம்பரில் 10 வெள்ளிக்கு வாங்கிய அந்த மூட்டையின் அடக்கவிலை 10 அல்ல, 10.80. ஜனவரியில் வாங்கும் மூட்டைக்கு அது 10.90 ஆகிறது. டிசம்பர் சரக்குக்கு 10.80ஆகவே நிற்கிறது. அப்படிப்பட்ட கடை தன் செலவைப் பார்த்து விலையை ஏற்றலாம். ஆனால் பழைய மூட்டையைக் காட்டி ‘ஜிஎஸ்டி ஏறிவிட்டது’ என்று சொன்னால் அது உண்மை அல்ல. வரியைச் சாக்காக்கி விலையேற்றுவதைக் கண்காணிக்க 2022இல் அரசு ஒரு குழுவை மீண்டும் அமைத்தது இதுபோன்றவற்றுக்காகத்தான். பதிவில்லாத கடை ரசீதில் ஜிஎஸ்டி என்று தனி வரி எழுதி வசூலிப்பது குற்றம். ரசீதில் அந்த வரி இருந்தும் கடையின் பதிவு எண்ணைக் காணவில்லை என்றால், பணம் கொடுக்குமுன் வாடிக்கையாளர் கேட்க வேண்டும்.