ஒரு காதில் திடீர் இரைச்சல்: காத்திருக்கலாமா?

காலையில் எழுந்ததும் வலது காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல். காது அடைத்த மாதிரி இருக்கிறது. செல்போனை அந்தக் காதில் வைத்தால் எதிர்முனைக் குரல் கம்மிப்போய்க் கேட்கிறது. இடது காதுக்கு மாற்றினால் தெளிவாக இருக்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. இந்த நிலையில் பலரைத் தாமதிக்க வைக்கும் நம்பிக்கைகள் மூன்று.

நம்பிக்கை: குறும்பியோ சளியோ அடைத்திருக்கும், எண்ணெய் விட்டால் போதும்.

உண்மை: அடைப்பாகவும் இருக்கலாம், உட்காது நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். காது அடைத்த உணர்வு இரண்டிலுமே வரும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைப்பு என்றால் அந்த ஒலி பெரும்பாலும் பாதித்த காதில் ஓங்கிக் கேட்கும். நரம்புப் பாதிப்பு என்றால் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கும். மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதையேதான். வீட்டுச் சோதனை ஒரு குறிப்பு மட்டுமே. காதுக்குள் பார்த்து, ஆடியோகிராம் எடுத்தால்தான் உறுதியாகும். 3 நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதி அளவுகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேள்திறன் குறைந்திருந்தால், அது திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு.

நம்பிக்கை: வலி இல்லையே, தானாகச் சரியாகிவிடும்.

உண்மை: உட்காதின் நுண்ணிய உணர்செல்கள் பாதிக்கப்படும்போது பெரும்பாலும் வலிக்காது. சிலருக்குச் சிகிச்சை இல்லாமலே கேள்திறன் திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் அது யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரங்களுக்குள், முடிந்தவரை முதல் சில நாட்களிலேயே தொடங்குவது நல்லது. நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறைகிறது. மாத்திரையில் கேள்திறன் முழுதாகத் திரும்பாவிட்டால், செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்கும் 2 முதல் 6 வாரம் வரைதான் காலம். சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. தாமதித்தால் அந்த வாய்ப்பும் கைநழுவுகிறது.

நம்பிக்கை: சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டே கூடாது.

உண்மை: மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பது சரி. அதற்காகச் சிகிச்சையையே விட வேண்டியதில்லை. சர்க்கரையை அடிக்கடி பரிசோதித்து மருந்தைச் சரிசெய்யலாம். அல்லது நேரடியாகக் காதுக்குள் ஊசி போடலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் எது இருந்தாலும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்திறன் திரும்பிவிட்டாலும் மருத்துவர் சொல்லும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். சிலருக்கு மட்டும் செவி நரம்பில் புற்றுநோயல்லாத கட்டி காரணமாக இருக்கும். அதைத் தேடத்தான் அந்த ஸ்கேன்.

ஒரு காதில் திடீரெனக் கேள்திறன் குறைந்தால் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், “நேற்றுவரை கேட்டது, இன்று கேட்கவில்லை” என்று தொடங்கிய நாளைச் சொல்லி ஆடியோகிராம் கேளுங்கள். அதோடு வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், நடக்க முடியாத தலைச்சுற்றல் சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.