பதினேழு ரூபாய் எழுபது காசு எங்கே போயிற்று?

கேள்வி: நூறு நாள் வேலைக் கூலி வரவாவதற்காக, ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்லி, பல ஆண்டுகளுக்கு முன் என் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். அப்போதே ஏ.டி.எம். கார்டும் தந்தார்கள், அதை நான் உபயோகித்ததே இல்லை. நான்கு வருடங்களுக்குப் பின் இப்போதுதான் பாஸ்புக்கில் பதிவு போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 17.70 ரூபாயும் வருடத்துக்கு ஒருமுறை 236 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். இது நியாயமா? திரும்பக் கிடைக்குமா?

– ஒரு வாசகி, எழுமலை

பதில்: அம்மையீர், தங்கள் வழக்கின் முடிவு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது, தங்கள் கணக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கா, அல்லது சாதாரணச் சேமிப்புக் கணக்கா என்பதே அது. ‘ஜீரோ பேலன்ஸ்’ என்று வாயால் சொன்னது ஆதாரமாகாது. பாஸ்புக்கின் முதற்பக்கத்தில் கணக்கின் வகை அச்சிடப்பட்டிருக்கும். அதன் நகலைத் தாங்கள் கடிதத்துடன் இணைத்திருந்தால் இந்தப் பதில் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஜன் தன் திட்டக் கணக்குகள் அடிப்படை வகையைச் சேர்ந்தவை. BSBD என்ற எழுத்துகள் அங்கே காணப்பட்டாலும் அதே பொருள்தான்.

அடிப்படைக் கணக்கானால், குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை என்பதோடு, ஏ.டி.எம். கார்டையும் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2012 ஆகஸ்டில் பிறப்பித்து 2019 ஜூனில் புதுப்பித்த உத்தரவு. ஆகவே, கணக்கு அவ்வகையினது என்பது நிரூபணமானால், அந்தச் சாதாரணக் கார்டுக்குப் பிடித்த 236 ரூபாயைத் திருப்பிக் கேட்க உறுதியான உரிமை தங்களுக்கு உண்டு. ஆனால் 17.70 ரூபாய்ப் பிடித்தம் குறுஞ்செய்தி அறிவிப்புக்கானதாகத் தோன்றுகிறது; அந்த அறிவிப்பு இலவசப் பட்டியலில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்படவில்லை. அதைத் தனியாகவே ஆராய வேண்டும்.

வங்கிகள் ஏன் இதற்குப் பணம் பிடிக்கின்றன? கணக்கில் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு உடனுக்குடன் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே கட்டாயப்படுத்தியிருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் வங்கி தொலைபேசி நிறுவனத்துக்குக் காசு கொடுக்கிறது. அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் வசூலிக்கிறது. வசூலிப்பதை ரிசர்வ் வங்கி தடுக்கவில்லை. ஆனால், உண்மையில் அனுப்பிய செய்திகளின் அளவுக்கேற்பவே வசூலிக்க வேண்டும் என்று 2013 நவம்பரில் அறிவுறுத்தியது. கூலி வரவும் பணம் எடுப்புமாக மூன்று மாதத்தில் நாலைந்து செய்திகளே வந்திருக்கும் கணக்கில், ஆண்டு முழுவதும் மாறாத ஒரே தொகையைப் பிடித்திருந்தால், எத்தனை செய்திகளுக்கு இந்தத் தொகை என்று எழுத்து மூலம் கேட்பது தங்கள் உரிமை. இக்கட்டணம் எல்லா வங்கிகளிலும் உள்ளதன்று. பாரத ஸ்டேட் வங்கி 2020 ஆகஸ்டில் சேமிப்புக் கணக்குகளுக்கு இதை ரத்து செய்தது.

பாஸ்புக்கில் இவற்றை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. வங்கிக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி சேரும். ஆதலால் சந்தேகமான தொகையை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள்; முழு எண் வந்தால் அது பெரும்பாலும் கட்டணமும் வரியும் சேர்ந்த தொகை. 17.70ஐ வகுத்தால் 15 வருகிறது. 236ஐ வகுத்தால் 200 வருகிறது. ஆக, ஆண்டுக்கு நான்கு முறை 17.70 என்றால் 70.80, கார்டுக் கட்டணத்தையும் கூட்டினால் 306 ரூபாய் 80 காசு. பதிவின் எதிரே SMS CHG, ATM AMC போன்ற சுருக்கங்கள் இருக்கும்; முன்னது குறுஞ்செய்திக் கட்டணம், பின்னது கார்டின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். முன்னது காலாண்டு முடிவை ஒட்டியும், பின்னது ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே மாதத்திலும் வரும். 436 ரூபாயும் 20 ரூபாயும் மே மாதக் கடைசியில் போயிருந்தால் அவை கட்டணமல்ல. பிரதம மந்திரி பெயரிலுள்ள ஆயுள், விபத்துக் காப்பீடுகளின் தவணை. கணக்கில் பணம் போதாதபோது கட்டணம் நிலுவையாக நின்று, கூலி வந்த அன்று துண்டு துண்டாகப் பிடிக்கப்படுவதும் உண்டு. அப்போது இந்த வகுத்தல் கணக்கு உதவாது, சுருக்கக் குறிப்பையே பார்க்க வேண்டும்.

கணக்கு சாதாரண வகையானால் நிலைமை வேறு. வங்கி வெளியிட்ட கட்டணப் பட்டியலில் உள்ள தொகையைப் பிடித்தது தவறு என்று பொதுவாகச் சொல்ல இயலாது. கார்டைப் பெட்டியில் வைத்திருந்தேன், உபயோகிக்கவில்லை என்பது விடையாகாது. ஆயினும், டெபிட் கார்டை எவர்மீதும் திணிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 தேதியிட்ட நெறிமுறையில் கூறியிருப்பதால், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துக் கார்டை ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நிறுத்தி விடாதீர்கள். தாங்கள் அறியாமல் எவரேனும் மின்னணு வழியில் பணத்தை எடுத்து, தவறு தங்களுடையதாகவோ வங்கியினுடையதாகவோ இல்லாதபோது, அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் நஷ்டம் தங்களுடையதல்ல என்பது 2017 ஜூலை உத்தரவு. செய்தியே வராதவர் அந்தப் பாதுகாப்பை எப்படிப் பயன்படுத்துவார்? பழைய தொலைபேசி எண் பதிவில் இருந்தால், யாரோ படிக்கும் செய்திக்குத் தாங்கள் பணம் கட்டுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

இனி, சொல்லாமல் விட முடியாத ஒன்று. நான்கு வருடம் பாஸ்புக்கைத் திறவாமல் இருந்தது பெரிய பிழை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 69ஆம் பிரிவு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தரவேண்டும் என்கிறது. தாமதத்தைப் பொறுத்தருளத் தக்க காரணம் காட்ட வேண்டும். அலட்சியம் தக்க காரணமாகாது. நான்கு ஆண்டில் பிடித்த 1,227 ரூபாய் 20 காசில் முற்பாதிக்கு இன்று ஆட்சேபணை எழுந்தால், அதற்குத் தங்கள் மௌனமே பொறுப்பு. மாதம் ஒருமுறை பதிவு போட்டிருந்தால் முதல் 17.70இலேயே கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆகவே மேலும் தாமதிக்காமல், கணக்கின் வகையையும் பிடித்தம் ஒவ்வொன்றின் விவரத்தையும் கேட்டுக் கிளை மேலாளருக்கு எழுதி, நகலில் முத்திரையுடன் கையொப்பம் பெறுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகவோ தபாலிலோ கட்டணமின்றி முறையிடலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, வங்கியின் பதில் கிடைத்ததும் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பாஸ்புக்கையும் கணக்குத் தொடங்கிய படிவத்தையும் நான் பார்த்ததில்லை. கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான அபிப்பிராயமே இது. வழக்குத் தொடுக்குமுன் தஸ்தாவேஜுகளுடன் ஒரு வழக்கறிஞரை நேரில் சந்தியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு இந்த வாரமே செல்லுங்கள்.