மீட்டர் பிரிட்ஜ் செய்முறைக்கு முந்தைய நாள்

குன்றத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போகும் பிளஸ் டூ மாணவர்கள் இயற்பியல் கையேட்டை முதல் நாள் இரவே திறப்பது நல்லது. மீட்டர் பிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது அட்டவணைதான். அதில் கம்பியை இடது இடைவெளியில் வைத்து ஒரு வரிசை, வலதுக்கு மாற்றி வைத்து இன்னொரு வரிசை இருக்கும். பெட்டியில் 2 ஓம். சமன்நீளம் 45 செ.மீ. என்றால் கம்பியின் மின்தடை 2 × 45/55 = 1.64 ஓம். இடம் மாற்றியபின் இடமிருந்து 54.6 செ.மீ. வந்தால் 2 × 45.4/54.6 = 1.66. பதறவேண்டாம், முனைகளிலுள்ள செப்புப்பட்டை, இணைப்புகளின் சிறு மின்தடைதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

செய்முறையில் ஒரு வரியை அடிக்கோடிடுங்கள்: தொடுசாவியால் பிரிட்ஜ் கம்பியின் இரு முனைகளிலும் தொட்டால் முள் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். ஒரே பக்கம் போனால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. சமன்புள்ளியைத் தேடிப் பயனில்லை.

தொடுசாவியை இழுக்காதே என்று முன்னெச்சரிக்கையில் இருக்கும். இழுத்தால் கம்பி தேய்ந்து, தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பிறகு நீளக்கணக்கே பொய்.

மின்தடை காணும் கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவியின் சுழிப்பிழையையும் குறித்துக்கொள்ளுங்கள். 0.40 மி.மீ. விட்டத்தில் 0.01 தவறினால், கணக்கில் ஆரத்தின் வர்க்கம் வருவதால் தன் மின்தடை எண்ணில் 5 சதவீதம் பிசகும்.